பொக்கு பறக்கிற திசை

கள்ளக்குறிச்சியில் போய் நவச்சாரம் கேட்பது புத்திசாலித்தனமான காரியம் இல்லை என்பது கடைக்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது கிராம்தான் கேட்டேன். அவர் தராசைத் தொடவில்லை. என் செருப்பிலிருந்து தலை வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஊரு எதுங்க?" என்றார். கடலூர் முதுநகர் என்றேன். "அங்க கிடைக்காதுங்களா?"

ஈயம் பூசுகிறவர்களுக்கும் மருந்துக் கடைக்காரர்களுக்கும் தெரிந்த சரக்குதான் நவச்சாரம். ஆனால் இந்த ஊரில் அதற்கு இன்னொரு பேர் உண்டு. வெல்லம் ஊறுகிற பானையில் அதையும் போடுவார்கள். 2024 ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனபின், இந்தச் சாமானைக் கேட்டு வரும் வெளியூர்க்காரனை யார்தான் சும்மா பார்ப்பார்கள்? நான் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் பாடம் எடுக்க வந்திருக்கிறேன், அமோனியா வாடையைக் காட்ட இது வேண்டும் என்று விளக்கினேன். பாதி நம்பிக்கையோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு சுண்ணாம்பு டப்பாவும் மஞ்சள்தூளும் வாங்கியதைப் பார்த்ததும்தான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. சாராயத்துக்கு யாரும் மஞ்சள் வாங்குவதில்லை.

மெத்தனால் ஒரு கள்ளன். சாராய வாடையோடு வாடையாக உள்ளே போய்விடும், குடிக்கிறவன் மூக்கு அதைப் பிரித்துச் சொல்லாது. அமோனியா அப்படியில்லை. காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இருந்தாலே பெரும்பாலான மூக்குகளுக்குத் தெரிந்துவிடும். ஆளை உடனே ஆபத்தில் தள்ளுகிற அளவு முந்நூறு பங்கு. நடுவில் இத்தனை இடைவெளி கொடுத்துக் கூப்பாடு போடும் விஷவாயு அதிகம் கிடையாது. அப்படியிருந்தும் ஆட்கள் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் முப்பது வருஷமாக என்னைக் குடைகிற கேள்வி.

கடற்கரைக்காரனுக்கு மலை என்றால் சினிமாவில் பார்ப்பது. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் என்று பஸ் மேற்கே வரவர, எதிரே அடிவானத்தில் நீளமாக ஒரு நீலக் கோடு. மழைமேகம் இறங்குகிறது என்றே நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "கல்வராயன் மலைங்க" என்றார். அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி வரும்வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தொடுவானம் எப்போதும் தட்டை. இங்கே அது எழுந்து நின்றது.

நான் போன ஐஸ் கம்பெனி ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, சாலையோரம் இருந்தது. கடலே இல்லாத ஊரில் ஐஸ் யாருக்கு என்று கேட்கலாம். கல்யாண மண்டபம், ஜூஸ் கடை, கரும்புச்சாறு வண்டி, கடலூரிலிருந்து மீன் ஏற்றி வந்து மலையடிவாரம்வரை விற்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் ஆட்கள், எல்லாருக்கும் வேண்டும். உள்ளே போனால் எல்லா ஐஸ் கம்பெனியும் ஒன்றுதான். பெரிய தொட்டியில் மைனஸ் பத்து டிகிரிக்குப் பக்கமாகக் குளிர்ந்த உப்புத்தண்ணீர், அதில் வரிசையாக மூழ்கி நிற்கும் தகர கேன்கள், மேலே மரப்பலகை. கேனில் ஊற்றிய நல்ல தண்ணீர் உறைய ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகும். தொட்டிக்கு அப்பால் கம்ப்ரசர் அறை. வெளியே வெயில், உள்ளே பலகையைத் தூக்கினால் உதடு வெடிக்கிற குளிர். முப்பது வருஷம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. இந்தக் குளிரையெல்லாம் தூக்கிச் சுமப்பது அந்த அறைக் குழாய்களில் ஓடும் சில நூறு கிலோ அமோனியா. அதைத் தொழிலாளிகள் யாரும் அமோனியா என்று சொல்வதில்லை, 'கேஸ்' என்றுதான் பேர்.

பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர்கள் இரண்டு பேர், மற்றவர்கள் லோடுமேன்கள், கேன் தூக்குகிறவர்கள். ஐந்து பேர் மலையிலிருந்து வந்தவர்கள். அதில் கரியாலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயசு இருக்கும். வந்ததிலிருந்து ஒரு கேள்விக்கும் வாய் திறக்கவில்லை.

காகிதக் கப்பில் ஒரு சிட்டிகை நவச்சாரம், ஒரு சிட்டிகை சுண்ணாம்பு, நாலு சொட்டுத் தண்ணீர். திறந்த வெளியில் வைத்துத்தான் செய்வேன். கிளறினால் அமோனியா வரும். கப்பைக் கையால் விசிறி, தூரத்தில் வைத்து மோந்து பார்க்கச் சொன்னேன். "மாட்டுக் கொட்டாய் வாடைங்க" என்றான் ஒருவன். "பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்" என்றான் இன்னொருவன். இரண்டும் சரி. மாட்டு மூத்திரம் ஊறிய கொட்டகையை விடியற்காலை திறந்தால் அடிப்பது இதே பொருள்தான். அப்புறம் மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்த துணித்துண்டைக் கப்பின் வாய்க்கு மேலே, சுண்ணாம்பில் படாமல் பிடித்தேன். மஞ்சள் துணி கண்முன்னே சிவந்தது. "ஆலத்தி!" என்று ஒரு குரல். ஆமாம், ஆலத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் இங்கே காற்றில் வரும் கேஸ் செய்கிறது. ஒரே வித்தியாசம், ஆலத்தி சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இந்தத் துணியைக் காற்றாட விட்டால் அமோனியா ஆவியாகிப் போய், மறுபடி மஞ்சளாகிவிடும். வால்வு கசிகிறதா என்று பார்க்க, பெரிய பிளான்ட்களில் கந்தகத் திரி கொளுத்துவார்கள், வெள்ளைப்புகை கிளம்பினால் கசிவு. லிட்மஸ் தாளும் உண்டு. சின்ன கம்பெனியில் எதுவும் கைவசம் இருக்காது. மஞ்சள் எந்த வீட்டில் இல்லை?

அப்போது மூத்த ஆபரேட்டர் சொன்னார், "எனக்கெல்லாம் பழகிப்போச்சு சார். வாடையே தெரியறதில்ல." பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கியது. அவர் மூக்கு கெட்டுப்போகவில்லை, மரத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் அறையில் நாளெல்லாம் இருந்தால் எந்த மூக்கும் அந்த வாடையை விட்டுவிடும், பிறகு அது இரண்டு மடங்கானாலும் சொல்லாது. அதனால் கம்ப்ரசர் அறையில் எட்டு மணி நேரம் இருக்கிற ஆபரேட்டரின் மூக்கை நான் நம்புவதில்லை. டீ கொண்டுவருகிற ஆளின் மூக்கை நம்புவேன். அவர் தினம் மூன்று முறை நல்ல காற்றிலிருந்து உள்ளே வருகிறார். "இங்கே டீ கொண்டாறவர் யாரு? அவரு மூஞ்சியைச் சுளிச்சா அன்னிக்கு ஒவ்வொரு வால்வா பாருங்க" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

இனி என் கதையைச் சொல்லியாக வேண்டும். கரையோரத்தில் நான் வேலை பார்த்த ஒரு ஐஸ் கம்பெனி. எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. கம்ப்ரசரில் போடுகிற ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸோடு கலந்து போய், ரிசீவர், தொட்டிக் காயில் என்று எங்கெல்லாம் தாழ்வான இடமோ அங்கெல்லாம் அடியில் தங்கிவிடும். திரவ அமோனியாவைவிட ஆயில் கனம். அதை அவ்வப்போது வடித்தெடுக்காவிட்டால் குளிர் ஏறாது. வடிக்கிற முறை இதுதான்: ஆயில் சேர்கிற பாத்திரத்துக்கு வரும் கேஸை முதலில் அடைக்க வேண்டும். உள்ளே கிடக்கும் அமோனியாவைக் கம்ப்ரசர் இழுத்துக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் பூத்த பனி உருகி, பிரஷர் இறங்கின பிறகு வடிகால் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். இரண்டு பேர் இருக்க வேண்டும். கண்ணாடி, மாஸ்க், கையுறை. வால்விலிருந்து கையை எடுக்கவே கூடாது. கையை எடுத்தால் தானே மூடிக்கொள்கிற ஸ்பிரிங் வால்வு ஒன்றை வழக்கமான வால்வுக்கு அடுத்துப் போட்டிருப்பது இதற்காகத்தான்.

அங்கே ஸ்பிரிங் வால்வு இல்லை. எங்கள் ஆபரேட்டர் கேஸை அடைக்கவுமில்லை. "ரெண்டு நிமிஷ வேலைடா" என்பார். குளிர்ந்த ஆயில் தேன் மாதிரி, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பொறுமை போய் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தார். அப்போது வெளியே ஹாய்ஸ்ட் சிக்கிக்கொண்டது என்று யாரோ கூப்பிட, பக்கெட்டை அடியில் வைத்துவிட்டுப் போனார். ஆயில் தீர்ந்தது. அதுவரை ஆயில் அடைத்துக்கொண்டிருந்த வழியில் திரவ அமோனியா வந்தது, முழுப் பிரஷரோடு. அந்தச் சத்தத்தை ஜெட் விமானம் என்பார்கள். எனக்கு அது பெரிய துணியை இழுத்துக் கிழிக்கிற சத்தம் மாதிரி இருந்தது, கிழித்துக்கொண்டே இருக்கிற சத்தம்.

வாசலில் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டு வந்தது. அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று படித்திருந்தேன். ஆவியாக மட்டும் இருந்தால் உண்மை. மூடின அறைக்குள் அது கூரையில் போய்ச் சேரும், குனிந்து தவழ்ந்து வெளியே வர வேண்டும். ஆனால் திரவமாகப் பீய்ச்சி அடிக்கிறபோது மைனஸ் 33 டிகிரிக் குளிர், நுண்ணிய துளிகள், காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்து மேகமாகித் தரையைப் பிடித்துக்கொண்டு போகும். நான் ஓடினேன். எல்லாரும் மேற்கு வாசல் பக்கம் ஓடினார்கள், நானும் ஓடினேன். சைக்கிள் அங்கேதான் இருந்தது. காற்றும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. மேகம் எங்களோடு ஓடி வந்தது, எங்களைவிட வேகமாக. கண்ணில் மிளகாய் அரைத்துத் தடவின மாதிரி, இமை திறக்கவில்லை. தொண்டை தானாக மூடிக்கொண்டது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தார்கள். முதுநகர் மீனவர், ஐஸ் வாங்க வந்தவர். இருபது அடி குறுக்காக இழுத்துக்கொண்டு போய், அப்புறம் திரும்பி காற்றுக்கு எதிராகக் கடல் பக்கம் கூட்டிப்போனார். இருபது அடிதான். அங்கே மூச்சு வந்தது. குழாயடியில் என்னை உட்காரவைத்து, கண்ணை விரலால் திறந்து பிடித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விட வேண்டும் என்ற விதியெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்கு எரிச்சல் நிற்கும்வரை விட்டார், அவ்வளவுதான்.

இதைச் சொல்லி முடித்தபின், "இங்க கேஸ் வந்தா எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில், "கேட் பக்கம்." சுவரில் பச்சைப் பெயிண்டில் 'கூடும் இடம்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்ததும் கேட் பக்கம்தான். அன்றைக்குக் காற்று வடகிழக்கிலிருந்து நேராகக் கேட்டைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. காற்று வருகிற பக்கம் போக வேண்டும் என்று கரும்பலகையில் அம்பு அம்பாகப் போட்டு விளக்கினேன். தலையாட்டினார்கள். சாயங்காலம் ஒத்திகை வைத்து விசில் ஊதினேன். பன்னிரண்டு பேரும் கேட்டுக்கு ஓடினார்கள்.

நொந்துபோய் எண்ணூர்க் கதையைச் சொன்னேன். 2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்களை எழுப்பியது கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும். அங்கே கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரக் கடலுக்கடியில் குழாய் போட்டிருக்கிறார்கள். சரக்கை இறக்குமுன் அந்தக் குழாயை மெல்லக் குளிரவைப்பார்கள். சூடான இரும்புக்குள் அத்தனை குளிர்ந்த திரவத்தைத் திடீரென்று விட்டால் அது கொதித்துப் பிரஷர் எகிறும். அந்தக் குளிரவைப்பு நடந்தபோதுதான் குழாய் கசிந்தது. கடல் தண்ணீரில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. அந்த மாத ஆரம்பத்தில் அடித்த மிக்ஜாம் புயலில் பாறாங்கற்கள் இடம்பெயர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது அரசு அமைத்த குழு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கைக்குழந்தையோடும் வயசானவர்களோடும் கிடைத்த ஆட்டோவில், பைக்கில் ஏறி ஜனங்கள் ஓடினார்கள். ஊரே இருட்டில் எழுந்து ஓடும்போது எல்லாருக்கும் தெரிந்தது வந்த வழி ஒன்றுதான். காற்று எங்கிருந்து வருகிறது என்று அந்த நேரத்தில் ஒருவன் நின்று பார்ப்பான் என்று எதிர்பார்க்க முடியுமா? முன்பே கை காலில் ஊறியிருந்தால்தான் உண்டு.

கரியாலூர்ப் பையன் அப்போது முதல்முறையாக வாய் திறந்தான். "நாளைக்கு லீவு சார். மலைக்கு வர்றீங்களா?"

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைக்கட்டு. அதற்கப்புறம் பைக் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் காற்றின் சூடு ஒரு பிடி குறைவதைக் கன்னத்தில் உணர முடிந்தது. குளிரை உண்டாக்க நாங்கள் கம்ப்ரசர், கண்டன்சர், கூலிங் டவர் என்று பாடுபடுகிறோம். இங்கே மேலே ஏறினால் போதும், சும்மா கிடைக்கிறது. ஒரு திருப்பத்தில் நிறுத்தச் சொல்லிக் கீழே பார்த்தேன். நாங்கள் வந்த சமவெளி முழுக்கப் பனிமூட்டம், அதன் மேல் வெயில். பிரைன் டேங்க் பலகையைத் தூக்கினால் வருகிற புகை மாதிரியே இருந்தது என்று சொன்னால் அந்தக் காட்சியை அவமானப்படுத்துகிறேன் என்று தெரிகிறது. ஆனால் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

பையன் வீடு கரியாலூரிலிருந்து உள்ளே. கார்த்திகை கடைசி, சாமை அறுப்பு முடிந்து போரடித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு மேற்கே பரந்த பாறை ஒன்றையே களமாக வைத்திருக்கிறார்கள். அவன் ஆயா அங்கே தூற்றிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயசுக்குக் குறையாது. முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு பக்கமாகச் சரித்து, மெல்ல மெல்ல உதறுகிறார். சாமை நேராகக் காலடியில் விழுகிறது. பொக்கும் தூசியும் மெல்லிய திரையாக விலகிப் பறந்து, ஏழெட்டு அடி தள்ளிப் படிகிறது. வெயில் அந்தத் திரைக்குள் புகுந்து பொன்னாக நிற்கிறது. நான் கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டு நேராக நடந்தேன்.

"தம்பி, அங்கிட்டு நிக்காத. பொக்கு பறக்கற பக்கமா நிப்பாங்க? கண்ணுல உழுந்துரும்."

நகர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் காற்று மாறியது. மரத்தில் இலை திரும்பிற்று, அவ்வளவுதான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆயா முறத்தை இறக்கினார், திரும்பினார், நடந்தார். அவர் நடந்த விதத்தைப் பார்த்துத்தான் நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் போய் நிற்க வேண்டிய இடம் குவியலுக்கு அந்தப் பக்கம். நேராகப் போனால் நாலே எட்டு. ஆனால் நடுவில் தூசி பறக்கிறது. அவர் குறுக்கே ஒதுங்கி, தூசித் திரையின் ஓரத்தைத் தாண்டிய பிறகுதான் வளைந்து, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்று, முறத்தை மறுபடி தூக்கினார். முதலில் குறுக்கே, அப்புறம் எதிரே. முதுநகர் மீனவர் என் காலரைப் பிடித்து இழுத்துப்போன அதே வழி. நான் அம்பு அம்பாகப் போட்டும் பன்னிரண்டு பேருக்குப் புரியாத பாடம்.

பையனைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இதைக் காட்டத்தான் கூட்டிவந்தானா, வெறுமனே ஊர் காட்டவா என்று இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும். சாப்பிட்டு வெளியே வந்தால் அடுப்புப் புகை வாசலைத் தாண்டி, வழுக்கிக்கொண்டு கீழே ஓடைப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பகலில் அதே புகை சரிவோடு மேலே ஏறியதைப் பார்த்திருந்தேன். வெயிலில் மலைச்சரிவு சூடேறக் காற்று மேலே ஏறும், ராத்திரி குளிர்ந்து கனத்துக் கீழே வழியும். பையன் அப்பா, "ராக்காத்து எறங்கும், பகக்காத்து ஏறும்" என்று ஒரே வரியில் முடித்தார். எங்கள் கரையில் பகல் கடற்காற்று, ராத்திரி நிலக்காற்று. இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அத்தனை வருஷமாக, 'கூடும் இடம்' என்று ஒரே இடத்தைச் சுவரில் எழுதிவைத்திருக்கும் கம்பெனிகளுக்குள் போய்ப் பாடம் எடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறேன். பகலுக்குச் சரியாக இருக்கும் இடம் ராத்திரிக்கு மேகத்துக்குள் இருக்கும். ஐஸ் கம்பெனி ராத்திரியிலும் ஓடுகிறது. தூக்கம் வரவில்லை. குளிரும் ஒரு காரணம்.

காலையில் கீழே இறங்கினதும் முதலாளியைப் பார்த்தேன். கூடும் இடம் இரண்டு வேண்டும், எதிரெதிர்ப் பக்கம் வேண்டும் என்றேன். பின்பக்க மதில் சுவரில் ஒரு வழி திறக்க வேண்டும். "திருட்டுப் போகுமே" என்றார். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு போடலாம் என்றேன். யோசித்தார். காற்று காட்ட, மூங்கிலில் ஒரு துணியைக் கட்டி, ராத்திரியும் தெரிகிறாற்போல் மேலே ஒரு பல்பு. இதற்கு உடனே ஒத்துக்கொண்டார், செலவு இல்லையே. இன்னொன்றையும் கேட்டுக்கொண்டேன். இரண்டு மாஸ்க் வைத்திருந்தார்கள், நல்ல மாஸ்க்தான். வைத்திருந்தது கம்ப்ரசர் அறைக்குள், பூட்டிய பெட்டியில். கேஸ் நிறைந்த அறைக்குள் போய்த்தான் கேஸ் மாஸ்க்கை எடுக்க வேண்டும். வெளிச்சுவருக்கு மாற்றச் சொன்னேன். டப்பா மாஸ்க் சின்னக் கசிவில் வால்வை மூட மட்டும்தான். வெள்ளையாகப் பொங்கும் அறைக்குள் அதை மாட்டிக்கொண்டு நுழையக் கூடாது. அதற்கு முதுகில் காற்று சிலிண்டரோடு வரும் தீயணைப்புக்காரர்கள் வேண்டும். மாஸ்க் எட்டாதவன் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்ளலாம். தண்ணீர் அமோனியாவை வாரிக் குடிக்கும். ஆனால் அது வெளியே ஓடிவருகிற அரை நிமிஷத்துக்குத்தான். அதை நம்பித் திரும்ப உள்ளே போனவர்களை எனக்குத் தெரியும். தரையில் தேங்கிக் கிடக்கும் திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது என்பதையும் மறுபடி சொன்னேன். ஊற்றினால் அந்தத் தண்ணீரின் சூட்டிலேயே அது பொங்கி எழும். தண்ணீரைத் தூவலாக, மேலே பறக்கும் மேகத்தின் மேல்தான் அடிக்க வேண்டும்.

மத்தியானம் மறுபடி ஒத்திகை. இந்தமுறை விசில் ஊதவில்லை, பையனைக் கத்தச் சொன்னேன். அவன் தொண்டை கிழியக் கத்தினான்: "கேஸு! பொக்கு எந்தப் பக்கம்?"

பன்னிரண்டு பேரும் ஒரு விநாடி தலையைத் தூக்கி மூங்கிலைப் பார்த்தார்கள். ஏழு பேர் குறுக்கே போய்ச் சுற்றிக்கொண்டு பின்மதில் பக்கம் போனார்கள். மலைக்காரர்கள் ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். மற்ற ஐந்து பேர் பழக்கதோஷத்தில் கேட்டுக்குப் போய், பாதியில் நின்று, அசடு வழியத் திரும்பினார்கள். மூன்றாவது தடவை எல்லாரும் சரியாகப் போனார்கள். ஆனால் மூன்றாவது தடவை என்பது ஒத்திகையில்தான் கிடைக்கும். மாசத்துக்கு ஒருமுறை, ஒருமுறை பகலில் என்றால் அடுத்தது ராத்திரியில், சொல்லாமல் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

நான் கிளம்பப் பையைத் தூக்கும்போது டீக்காரர் தூக்குச்சட்டியோடு வந்தார். கம்ப்ரசர் அறை வாசலில் கால் வைத்ததும் மூக்கைச் சுளித்தார். "என்னாங்க இன்னிக்கு இப்படி அடிக்குது?"

மூத்த ஆபரேட்டர் என்னைப் பார்த்தார். எனக்கு முந்தி அவரே போய், மேஜையில் கிடந்த மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்தார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வால்வாகத் துணியைக் காட்டிக்கொண்டே போனார். பையன் வாசலில் நின்று அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். ரிசீவருக்குப் பக்கத்தில் மூன்றாவது வால்வின் தண்டு வெளியே வருகிற இடத்தில் துணியின் ஓரம் சிவந்தது. ஸ்பேனரை எடுத்துக் கிளாண்ட் நட்டைக் கால் திருப்பு இறுக்கினார். புதுசாக ஒரு துணி நனைத்துக் காட்டினார். மஞ்சளாகவே இருந்தது.

சிவந்த துணியை என் கையில் கொடுத்து, "ஞாபகமா வச்சுக்குங்க சார்" என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தியாகதுருகம் தாண்டும்போது நீலக் கோடு எதுவரை தெரிகிறது என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவன், நினைவு வந்து துணியை எடுத்து விரித்தேன். காய்ந்து, பழையபடி மஞ்சளாகியிருந்தது.